'தெரிஞ்ச ரியாக்‌ஷன்தானே' என்று படிவத்தை மூடி வைக்கும் டாக்டர்களுக்கு

வார்டிலும் கேஷுவால்டியிலும் ராப்பகலாக நிற்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பி.ஜி. டாக்டர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மருந்துப் பாதகங்களைப் பதிவு செய்யும் மையத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் படிவக் கட்டோடு உங்கள் வார்டுக்கு வந்து "ஏதாவது ரியாக்‌ஷன் இருக்கா டாக்டர்?" என்று கேட்கிற ஆள். நீங்கள் மரியாதையாகத்தான் பேசுகிறீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாதி நாள் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "அது டைப் ஏ தான், புத்தகத்திலேயே இருக்கு, இதுக்கெல்லாம் எதுக்கு ஃபார்ம்?" அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பொதுவாகப் பேசினால் மனசில் நிற்காது என்பதால் பெனிட்டாயின் என்ற ஒரே மருந்தையும், அதைச் சாப்பிட்ட இரண்டு பேரையும் எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் ஐம்பது வயசைத் தாண்டிய பெரியவர். பல வருஷமாக வலிப்புக்கு ஒரு நாளைக்கு 300 மி.கி. பெனிட்டாயின், ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு நாள் நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, வீட்டு வாசற்படியில் விழுந்து நெற்றி பிளந்து வந்தார். "குடிச்சிருக்காரா?" என்றுதான் முதலில் எல்லோரும் கேட்டார்கள், பாவம், குடிப்பழக்கமே இல்லாத மனுஷர். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கண்மணி துடித்துத் துடித்து ஆடியது. ரத்தத்தில் பெனிட்டாயின் அளவு ஒரு மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டியது, 33 இருந்தது. மருந்தை நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு அளவோடு தொடங்கினார்கள், நாலைந்து நாளில் நேராக நடந்தார். கேஸ் ஷீட்டில் 'பெனிட்டாயின் டாக்ஸிசிட்டி' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

இது டைப் ஏ என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. மருந்து மூளையில் என்ன வேலை செய்யுமோ அதே வேலையின் மிகுதி இது, அளவு ஏற ஏற வரும், அளவைக் குறைத்தால் போய்விடும், யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். ராலின்ஸும் தாம்ஸனும் 1977-ல் பிரித்துக் கொடுத்த இந்த வகைப்பாட்டை நீங்கள் இரண்டாம் வருஷத்திலேயே படித்துவிட்டீர்கள். ஆனால் நான் அன்றைக்குக் கேட்க நினைத்தது வேறு. பல வருஷமாக அதே 300 மி.கி. சாப்பிட்டவருக்கு இந்த மாதம் மட்டும் ஏன் அளவு ஏறியது? பக்கத்தில் உட்கார்ந்து பையைக் காட்டச் சொன்னேன். பெனிட்டாயின் அட்டைக்குக் கீழே இன்னொரு அட்டை இருந்தது, ஃபுளுகோனசோல். இடுப்பில் படர்தாமரை, மூன்று வாரமாகத் தினம் ஒன்று.

பெனிட்டாயினைக் கல்லீரலில் கரைக்கிற முக்கியமான நொதி சிஒய்பி 2சி9. ஃபுளுகோனசோல் அதைத்தான் தடுக்கும். அதிலும் பெனிட்டாயினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ரேஷன் கடையில் ஒரே கவுண்டர் இருக்கிறது என்று வையுங்கள், நிமிஷத்துக்கு இத்தனை பேர்தான் போக முடியும், அதற்கு மேல் ஒரு பத்துப் பேர் வந்தாலும் வரிசை தெருமுனை வரை நீண்டுவிடும். பெனிட்டாயின் நாம் கொடுக்கிற சாதாரண அளவிலேயே அந்த நொதியை ஏறக்குறைய நிரப்பிவிடுகிறது, அதனால் அளவைக் கொஞ்சம் கூட்டினாலும், நொதியைக் கொஞ்சம் தடுத்தாலும், ரத்தத்தில் இருக்கும் மருந்து கணக்குக்குப் பொருந்தாமல் தாவி ஏறும். இங்கே நடந்தது இரண்டாவது. ஆக, முன்கூட்டியே சொல்லக்கூடிய பாதகம் என்றால் தடுத்திருக்கக்கூடிய பாதகம் என்றும் அர்த்தம். படர்தாமரைக்கு எழுதிக் கொடுத்தவர் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டிருந்தால் அந்த நெற்றித் தையல் வந்திருக்காது. இதைச் சொல்லாமல் 'டாக்ஸிசிட்டி' என்று மட்டும் எழுதினால், வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் ஃபுளுகோனசோலை மறுபடி போடுவார்.

தெரிந்த பாதகத்தை எழுதிப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இதே மருந்தின் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1968-69 வாக்கில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், பெனிட்டாயின் சாப்பிட்டுக்கொண்டிருந்த பலருக்கு இதே தள்ளாட்டம், இதே குழறல் வந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தால் புத்தகத்தில் இருப்பதுதான், புதிதாக எதுவும் இல்லை. சேர்த்துப் பார்த்தபோதுதான், காப்ஸ்யூலுக்குள் மருந்தோடு சேர்க்கும் நிரப்புப் பொருளைக் கால்சியம் சல்பேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றியிருந்தது தெரிந்தது. முன்பு கால்சியம் சல்பேட் மருந்தை முழுக்க உடம்பில் சேர விடாமல் வைத்திருந்தது. லாக்டோஸ் வந்ததும் அதே மில்லிகிராம் கூடுதலாகச் சேர்ந்தது. அட்டையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. டைப் ஏ பாதகங்கள் திடீரென்று கூடுகின்றன என்பதே ஒரு செய்தி, அதைப் பார்க்க அவற்றை யாராவது எழுதியிருக்க வேண்டும். படிவத்தில் பிராண்டு, பேட்ச் நம்பர் என்று கட்டம் போட்டிருப்பதும் இதற்காகத்தான்.

இரண்டாவது, இருபத்து மூன்று வயசுப் பெண். புதிதாக வலிப்பு வந்து பெனிட்டாயின் ஆரம்பித்து, அதே 300 மி.கி. பதினேழாம் நாள் காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு. பக்கத்துக் கிளினிக்கில் பாரசிட்டமாலும் அமாக்ஸிசிலினும் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் நெஞ்சில் கருஞ்சிவப்பாகத் திட்டுகள், உதடு வெடித்து ரத்தம் கட்டியது, கண் திறக்க முடியவில்லை. ஸ்டீவன்ஸ்-ஜான்சன். இங்கே ஷீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'அமாக்ஸிசிலின் அலர்ஜி'.

ஏன் அப்படி எழுதினார்கள் என்று புரிகிறது. கடைசியாகச் சாப்பிட்ட மருந்தின் மேல்தான் முதலில் பழி விழும். ஆனால் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அமாக்ஸிசிலினும் பாரசிட்டமாலும் வந்தது காய்ச்சலுக்காக. அந்தக் காய்ச்சலும் கண் சிவப்பும்தான் ஸ்டீவன்ஸ்-ஜான்சனின் தொடக்கமே. நோய் ஆரம்பித்த பிறகு சாப்பிட்ட மாத்திரை அந்த நோயைக் கொண்டுவர முடியாது. இந்தப் பாதகம் பெரும்பாலும் மருந்து தொடங்கிச் சுமார் நாலு நாள் முதல் நாலு வாரத்துக்குள் வரும், அந்த ஜன்னலுக்குள் சரியாக உட்காருவது பெனிட்டாயின்தான். அமாக்ஸிசிலினை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, படிவத்தில் கூடச் சாப்பிட்ட மருந்துகளுக்கென்று தனி இடம் இருக்கிறது, தேதியோடு அங்கே எழுதுங்கள். சந்தேகத்துக்குரிய மருந்து என்ற இடத்தில் பெனிட்டாயின் வரட்டும்.

இது டைப் பி. மருந்தின் வழக்கமான வேலையிலிருந்து இதை ஊகிக்க முடியாது, அளவைக் குறைத்துப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை, வாழ்நாளில் இனி அந்த மருந்து கூடாது. கார்பமசெப்பின், பினோபார்பிட்டோன் மாதிரி ஒரே அமைப்புள்ள மற்ற வலிப்பு மருந்துகளுக்கும் போகக் கூடாது. பெரியவருக்கு அதே மருந்தைத் திரும்பக் கொடுத்தோம், இந்தப் பெண்ணுக்குக் கொடுத்தால் உயிரே போகலாம். வகைப்பாடு உங்களுக்குப் பயன்படுவது இந்த இடத்தில்தான், அடுத்த மருந்துச் சீட்டை எழுதுவதற்கு. படிவம் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது உதவாது.

அந்த வகைகளுக்கு நடுவே இருக்கிற சுவரும் நாம் நினைக்கிற அளவு கெட்டியானதல்ல. கார்பமசெப்பினால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சனை ஒரு காலத்தில் தலைவிதி என்றுதான் சொல்லியிருப்பார்கள். 2004-ல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தார்கள், 44 பேருக்கும் எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. அந்த மருந்தைப் பிரச்சினை இல்லாமல் சாப்பிட்ட 101 பேரில் மூன்று பேருக்குத்தான் இருந்தது. இன்றைக்கு ஆசியப் பூர்வீகம் உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கும் முன்பே சோதிக்கச் சொல்கிறார்கள். பெனிட்டாயினில் கதை இன்னும் விசித்திரம். பெரியவர் கதையில் வந்த அதே சிஒய்பி 2சி9 நொதி பிறவியிலேயே மந்தமாக வேலை செய்யும் ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் பாதகம் வரும் ஆபத்தும் கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். ஊகிக்க முடியாதது என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, இன்னும் ஊகிக்கத் தெரியாதது.

சரி, எதை எழுத வேண்டும் என்று கேட்டால், சந்தேகம் இருந்தால் போதும். தெரிந்தது, தெரியாதது, லேசானது, கடுமையானது எல்லாவற்றையும்தான் நம் தேசியத் திட்டம் கேட்கிறது. நிரூபித்த பிறகு அனுப்புகிறேன் என்று காத்திருக்காதீர்கள். ஐயம் தீர மருந்தை மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும், ஸ்டீவன்ஸ்-ஜான்சனில் அதை யார் செய்வார்கள்? காரண மதிப்பீட்டை எங்களிடம் விடுங்கள், அதற்குத்தான் இருக்கிறோம். நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள், வயசு, என்ன நடந்தது, எந்தத் தேதியில், எந்த மருந்து, எழுதியது யார் என்பது இருந்தால் படிவம் காஜியாபாத்தில் இருக்கிற தேசிய மையத்துக்கும் அங்கிருந்து ஸ்வீடனில் இருக்கிற உலகத் தொகுப்புக்கும் போகும். எழுதியவருக்குச் சட்டச் சிக்கல் எதுவும் வராது என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

'சீரியஸ்' என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். பெரியவரைப் பற்றிக் கேட்டபோது ஒரு டாக்டர் "மைல்டுதான்" என்றார். பாதகம் பார்க்க எவ்வளவு கடுமை என்பது வேறு, சீரியஸ் என்பது வேறு. மரணம், உயிருக்கு ஆபத்து, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அல்லது தங்கும் நாள் நீள்வது, ஊனம், பிறவிக் குறை, இவற்றில் ஒன்று இருந்தாலே சீரியஸ்தான். விழுந்து தையல் போட்டு நாலு நாள் படுத்திருந்தாரே, கட்டத்தில் டிக் செய்ய அது போதும்.

அந்தப் பெண் பிழைத்தார், கண்ணில் வறட்சி மட்டும் மிச்சம். ஆறேழு மாதம் கழித்து வேறு ஊரில் வலிப்பு வந்து அங்கே கேஷுவால்டியில் சேர்த்திருக்கிறார்கள். நம் டிஸ்சார்ஜ் சம்மரியில் திருத்தாமல் விட்ட 'அமாக்ஸிசிலின் அலர்ஜி' அப்படியே இருந்திருக்கிறது, அதை நம்பி பெனிட்டாயின் ஊசியை எடுத்துவிட்டார்கள். அம்மாதான் சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பழைய மாத்திரை அட்டையை எடுத்து, "இதுதாம்மா என் பொண்ணைத் தின்னது" என்று சிஸ்டரிடம் நீட்டியிருக்கிறார். அட்டையில் பெயர் பாதி கிழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. ஊசியைக் கீழே வைத்தார்கள். அந்த அம்மா எனக்கு இதைச் சொன்னபோது அட்டையையும் காட்டினார். நாம் எழுத வேண்டியதை அவர் ஏழு மாதமாகப் பையில் சுமந்திருக்கிறார்.

அதனால் டாக்டர், டிஸ்சார்ஜில் 'டிரக் அலர்ஜி' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்த மருந்து, எத்தனையாம் நாள், என்ன பாதகம், இனி எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். படிவம் எழுத நேரமில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், நானே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். நான் இல்லாத நேரம் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் வேலை நாட்களில் சொல்லலாம்.

இன்னொன்று. பெரியவரின் படிவத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் பெனிட்டாயின் பேட்ச் நம்பர் கட்டம் காலி, அட்டையில் அந்த மூலையைக் கிழித்துவிட்டிருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்கு வருகிறார். அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தாலும், புது அட்டையை வாங்கிப் பார்த்து, அதே கடையில் அதே பிராண்டு வாங்குகிறாரா என்றும் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.