மருந்துக் கவரில் ஒட்டித் தரும் தமிழ்ச் சீட்டு பற்றி, வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தர்மபுரியிலிருக்கும் எங்கள் மெடிக்கலில் மருந்து வாங்கும்போது கவர் மேல் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டித் தருகிறோம். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து எங்கள் மருந்தாளுநர் தமிழில் எழுதும் சீட்டு அது. "டாக்டர் ஒரே வரிதானே எழுதியிருக்கிறார், நீங்கள் ஏன் ஐந்து வரி எழுதுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதில்தான் இந்த மடல்.

டாக்டர் எழுதும் ஒரு வரி எங்களுக்குப் போதும். ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை, பி.டி. என்றால் இரு வேளை, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஆனால் மாத்திரை போடப்போவது நாங்கள் இல்லை. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ தனியாக இருக்கும் ஓர் அம்மா போடப்போகிறார்; மகன் பெங்களூரில் இருக்கிறார். "ஒரு நாளைக்கு இரண்டு" என்று மட்டும் எழுதினால் இரண்டையும் காலையிலேயே போட்டுக்கொள்ள இடமிருக்கிறது. அதனால் "காலை 1, இரவு 1" என்று வேளையோடு எழுதுகிறோம். பாதி மாத்திரை என்றால் கோடு போட்ட பின்ன எண் எழுதுவதில்லை. ஒன்றா இரண்டா என்று குழப்பும். "அரை மாத்திரை" என்று எழுத்திலேயே எழுதுகிறோம்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் சிக்கல். "காலை உணவுக்கு முன்" என்று எழுதும் டாக்டர் எட்டு மணி இட்லியை நினைத்து எழுதுகிறார். நம் பக்கம் ஐந்தரைக்கு எழுந்து, டீ குடித்து, பால் கறந்து, காட்டு வேலை பார்த்துவிட்டு, களியோ கூழோ வயிற்றுக்குள் போகப் பத்து பதினொன்று ஆகிவிடும். சர்க்கரைக்குத் தரும் கிளிமிபிரைடு மாத்திரையை ஆறு மணிக்கே போட்டுவிட்டு இப்படிக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தலை சுற்றும். அதனால் அந்த மாத்திரைக்கு நாங்கள் எழுதும் வரி இது: "அன்றைய முதல் சாப்பாட்டுக்குச் சற்று முன். போட்டதும் சாப்பிட வேண்டும். சாப்பிட நேரமாகும் என்றால் மாத்திரையையும் சாப்பிடும் நேரத்திலேயே போடவும்."

தைராய்டு மாத்திரைக்கு இதற்கு நேர்மாறு. அது வெறும் வயிற்றில் போனால்தான் உடம்பில் சரியாகச் சேரும். டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். அதனால் சீட்டில் டீயையும் பெயர் சொல்லியே எழுதுகிறோம்: "எழுந்ததும் தண்ணீரில் போடவும். டீ, காபி, சாப்பாடு எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து."

தேவைப்பட்டால் மட்டும் போடும் மாத்திரைக்கு மூன்று விஷயங்கள் சொல்லியாக வேண்டும்: எதற்கு, எவ்வளவு இடைவெளி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை. பெரியவர்களுக்கான பாராசிட்டமால் 650 என்றால், "காய்ச்சல் இருந்தால் மட்டும் 1. அடுத்ததற்கு 6 மணி நேரம் ஆக வேண்டும். 24 மணி நேரத்தில் 4-க்கு மேல் வேண்டாம்." சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமால் இருக்கிறது. அதையும் சேர்த்து வாங்கினால் சொல்லுங்கள்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது ஒரு சின்ன மாத்திரை: மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தருகிறார்கள். இந்த நோய்களுக்கு இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். நாம் போடும் மற்ற மாத்திரைகள் பெரும்பாலும் தினசரி என்பதால், கை பழக்கத்தில் இதையும் தினம் எடுத்துவிடுகிறது. தொடர்ந்து சில நாள் போட்டாலே எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உருவாவது குறைந்துவிடும், உயிருக்கே ஆபத்து.

ஒருவருக்கு டாக்டர் 10 மில்லிகிராம், வாரம் ஒரு முறை, கூட ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எந்த நாள் என்று அவரிடமே கேட்போம். ஊர்ச் சந்தை நாள், கோயிலுக்குப் போகும் நாள் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால் மறக்காது. அவர் செவ்வாய் என்றால் சீட்டு இப்படி இருக்கும்:

"மெத்தோட்ரெக்சேட் 2.5 மி.கி. மூட்டு நோய்க்கு.
வாரத்தில் ஒரே நாள்: செவ்வாய்க்கிழமை மட்டும்.
அன்று இரவு சாப்பிட்ட பின் 4 மாத்திரை சேர்த்துப் போடவும்.
மற்ற ஆறு நாளும் இதைப் போடக் கூடாது.
வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி, மூச்சுத் திணறல், காரணமில்லாத ரத்தக் கட்டு வந்தால் அடுத்த மாத்திரை போடாமல் உடனே டாக்டரைப் பார்க்கவும்."

கிழமையை முழுதாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் திங்களைச் சுருக்கி எழுதியதைக் காலை வேளை என்று படித்துத் தினமும் போட்டவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. எத்தனை மாத்திரை என்பதும் முக்கியம். இதே மருந்து 5, 7.5, 10 மில்லிகிராமிலும் வருகிறது. 2.5-இல் நான்கு போட்டுப் பழகியவர் கையில் 10 மில்லிகிராம் அட்டை போனால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். அதனால் ஒருவருக்கு எந்த அளவில் தொடங்கினோமோ அதையே தருகிறோம். அது இல்லாத நாளில் "இதை வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்ல மாட்டோம், வரவழைத்துத் தருவோம். வேறு கடையில் வாங்கினால் அட்டையில் இருக்கும் எண்ணைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபோலிக் ஆசிடும் பெரும்பாலும் இதே போல் சின்ன மஞ்சள் மாத்திரைதான். இரண்டையும் ஒரே கவரில் போடுவதில்லை. ஃபோலிக் ஆசிட் கவரில் டாக்டர் சொன்ன கிழமையும், "செவ்வாயன்று இது வேண்டாம்" என்ற வரியும் இருக்கும். வீட்டில் இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள்.

செவ்வாய் மறந்துவிட்டால்? வியாழன் வரைக்கும் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதையும் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த செவ்வாய் வழக்கமான அளவு. விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகப் போடவே கூடாது. தவறிப்போய் இரண்டு நாள் தொடர்ந்து போட்டுவிட்டால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் டாக்டரிடம் பேசாமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் இதோடு சேர்ந்தால் ஆபத்து. ஆகவே எந்த நோய்க்கு, எங்கே மருந்து வாங்கினாலும் மெத்தோட்ரெக்சேட் போடுவதை முதலில் சொல்லுங்கள்.

மூட்டு நோய்க்கு டாக்டர் எழுதிய சீட்டில் மெத்தோட்ரெக்சேட்டுக்கு நேராகத் தினமும் என்று இருந்தாலோ, வாரம் என்ற சொல்லே இல்லாவிட்டாலோ, எழுதிய டாக்டரிடம் பேசாமல் நாங்கள் மருந்து தருவதில்லை. அன்று பத்துப் பதினைந்து நிமிடம் கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். சில சமயம் டாக்டர் போனை எடுக்காமல் மறுநாள் வரச் சொல்லவும் நேரும். வாரம் ஒரு முறை போடும் மருந்துக்கு ஒரு நாள் தள்ளிப்போவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா படம் போட்டுத் தருகிறோம். ஆனால் வாரம் ஒரு நாள் என்பதற்கு அந்தப் படம் உதவாது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த வாரத்துக்கான நான்கு மாத்திரையை மட்டும் தனிப் பொட்டலமாகக் கட்டி, வாரத்துக்கு ஒன்றாக நான்கு பொட்டலம் தருவோம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இதற்குத் தனிக் காசு கிடையாது.

அப்புறம், மருந்து தீர்ந்த பழைய கவரில் வேறு மாத்திரையைப் போட்டு வைக்காதீர்கள். சீட்டைக் கிழித்துவிட்டுக் கவரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருந்தகத்தார்,
தர்மபுரி