எக்ஸ்ரேயோடு நின்றுவிட்ட கதை

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வந்த சிறுகதையில், ‘பீடித்தூள் இருமல்தானே’ என்று மாதக்கணக்கில் தட்டிக்கழிக்கும் ஆச்சியைப் பேத்தி பிடிவாதமாக எக்ஸ்ரே எடுக்க அழைத்துப்போகிறாள். பீடி சுற்றும் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு அது. ஆனால் படத்தில் நிழல் தெரிந்ததுமே காசநோய் என்று முடிவுகட்டிக் கதை நின்றுவிடுகிறது. நிழல் சந்தேகத்தைத்தான் எழுப்பும். பழைய தழும்பும் நிமோனியாவும் புற்றுநோயும்கூட அப்படித் தெரியலாம். சளியில் கிருமியைக் கண்டால்தான் உறுதி. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத வகையா என்பதையும் சளியை வைத்தே கண்டறிகிறார்கள்.

என் மாமியாருக்கும் நுரையீரலின் மேல்பகுதியில் நிழல் இருந்தது. முதலில் அவர் கொடுத்தது வெறும் எச்சில். அதில் ஒன்றும் தெரியவில்லை. விடியற்காலையில் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பிய கெட்டிச் சளியில்தான் கிருமி அகப்பட்டது. 6 மாத மருந்தில் குணமானார். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை இலவசம். பெண்கள் பீடிக்கட்டு ஒப்படைக்க வரும் கடைகளிலேயே சளிக் குப்பிகளைக் கொடுத்து, எப்படித் துப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்