எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: சதவீதத்தை மனக்கணக்காகப் போடுவது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

வாழ்வியல் கணிதம் பாடத்தில் சதவீதம் நடக்கிறது. வகுத்து நூறால் பெருக்கும் முறை பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வந்த விடை நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. 210 வேலை நாளில் 31 நாள் விடுப்பு, எத்தனை சதவீதம் என்று கேட்டால், அவசரத்தில் 210-ஐ 31-ஆல் வகுத்து 6.77 என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணைத் தலைகீழாகப் போட்டுவிட்டோம் என்பது விடையைப் பார்த்துத் தெரிவதில்லை.

இதற்காகத்தான் கணக்குப் போடும் முன்பே, பக்கத்தில் இருக்கும் எளிய பின்னத்தைத் தேடச் சொல்கிறோம். 210-ஐ ஏழாகப் பிரித்தால் 30. ஆக, 31 நாள் என்பது ஏழில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல். ஏழில் ஒன்று 14.3 சதவீதம். மிச்சமிருக்கும் ஒரு நாள், 210-ல் ஏறக்குறைய அரை சதவீதம். கூட்டினால் 14.8, துல்லியமான விடை 14.76. 6.77 என்று எழுதிய பிள்ளை இந்த ஒரு வரியை மனத்தில் போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

இதில் அதிகம் தவறுவது கடைசிப் படியில்தான். ஒரு நாள் கூடுதல் என்றதும் ஒரு சதவீதத்தைக் கூட்டி 15.3 என்கிறார்கள். மொத்தம் 100 ஆக இருந்தால் மட்டுமே ஒரு நாள் ஒரு சதவீதம். மொத்தம் 210 என்றால் அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு; மொத்தம் 50 என்றால் இரண்டு சதவீதம். “இந்தக் கணக்கில் ஒன்றுக்கு எத்தனை சதவீதம்?” என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை திருத்தத்தில் தடுமாறுவதில்லை.

எட்டின் பங்குகள் இன்னும் சுலபம், வகுக்கவே வேண்டாம். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று மூன்று முறை போனால் அரைக்கால் வந்துவிடும், அது 12.5 சதவீதம். எட்டில் மூன்று என்பது காலும் அரைக்காலும் சேர்ந்தது, 25-உம் 12.5-உம் கூடி 37.5. துணிக்கடையில் 1,340 ரூபாய்ச் சட்டைக்கு 37 சதவீதம் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி 670, கால் 335, அரைக்கால் 167.50. காலையும் அரைக்காலையும் கூட்டினால் 502.50. நமக்கு வேண்டியது 37 என்பதால் அரை சதவீதத்தைக் கழிக்க வேண்டும். 1,340-ல் ஒரு சதவீதம் 13.40, அரை சதவீதம் 6.70. ஆக, தள்ளுபடி 495.80. இது தோராயம்கூட இல்லை, சரியான விடையே.

எந்தப் பின்னம் பக்கத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருபுறமும் நெருக்கிப் பார்க்க வேண்டும். 70-க்கு 26 மதிப்பெண் என்றால், மூன்றில் ஒன்று 23-ஐச் சற்றுத் தாண்டும், ஐந்தில் இரண்டு 28. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எட்டில் மூன்று. 70-ல் அது 26.25. கால் மதிப்பெண் குறைகிறது, ஆகவே 37.5-க்குச் சற்றுக் கீழே, சுமார் 37.1.

ஏழின் பங்குகளில் ஒரு எச்சரிக்கை. 14 என்று மட்டும் நினைவில் வைத்தால், ஒன்றுக்குப் பெரிய நட்டம் இல்லை. ஆறால் பெருக்கும்போது 84 ஆகிவிடும், உண்மையில் 85.7. அதனால் 14.3, 28.6, 42.9, 57.1, 71.4, 85.7 என்ற ஆறையும் வாய்ப்பாடு போலச் சொல்லிப் பழகட்டும். பெரிய பங்கைக் கழித்தும் எடுக்கலாம்: மேலே சொன்ன விடுப்பு 14.8 என்றால் வருகை 85.2.

தேர்வுத் தாளில் “தோராயமாக” என்று கேட்காத இடத்தில் இதை விடையாக எழுதக் கூடாது. வழக்கமான முறையில் வகுத்துக் காட்டினால்தான் படிகளுக்கு மதிப்பெண். வட்டிக் கணக்கும் வரிக் கணக்கும் அப்படித்தான், காசு சுத்தமாக வர வேண்டும். தோராயம் ஓரத்தில், பென்சிலில் இருக்கட்டும்.

இந்த வாரம் பிள்ளைகள் கொண்டுவரும் பயிற்சித் தாளில் ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. தோராயக் கட்டத்தை நிரப்பிய பிறகே கைபேசியிலோ கால்குலேட்டரிலோ சரிபார்க்க விடுங்கள். இரண்டுக்கும் ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எதையும் அழிக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். எங்கே சறுக்கியது என்பதை அதைப் பார்த்துத்தான் ஆசிரியர் கண்டுபிடிக்க முடியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்