நள்ளிரவு டாக்சி: மீட்டரா, முன்கூட்டிச் சொன்ன விலையா?

ஆசிரியருக்கு,

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தேக்காவில் உறவினர் வீட்டு விருந்து முடிந்து ஈசூனுக்குக் கிளம்பும்போது மணி பன்னிரண்டரை. கூட வந்த பெரியம்மாவை வழியில் ஆங் மோ கியோவில் இறக்கி, மாடியில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும். செயலியில் பார்த்தால் நேரே ஈசூனுக்கு 31 வெள்ளி, நடுவில் ஒரு நிறுத்தம் சேர்த்தால் 37. சாலையில் கைகாட்டி நிறுத்திய டாக்சிக்காரரோ "நாற்பது வெள்ளி, மீட்டர் வேண்டாம்" என்றார். எங்கள் வீட்டார் சரி, ஏறிவிடுவோம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் சாலையில் கைகாட்டி ஏறினால் மீட்டர்தான் விதி, முன்கூட்டி விலை சொல்வது செயலியில் பதிவு செய்யும் பயணத்துக்கு மட்டும்தான். அவர் போய்விட்டார், அடுத்த வண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் மீட்டர் போட்டார்.

அந்த வண்டியில் ஆரம்பக் கட்டணம் 4 வெள்ளி 40 காசு. அதன்பின் பத்தாவது கிலோமீட்டர் வரை 400 மீட்டருக்கு 26 காசு, அதைத் தாண்டினால் 350 மீட்டருக்கு 26 காசு, நின்றால் 45 விநாடிக்கு 26 காசு. சுமார் 16 கிலோமீட்டருக்கு 15 வெள்ளியை ஒட்டி வந்தது. பெரியம்மாவை விட்டுவிட்டு நான் இறங்கி வர 12 நிமிடம், அதாவது 16 முறை 26 காசு, 4 வெள்ளி 16 காசு. ஆக 19 வெள்ளிக்குச் சற்று மேல். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இதன்மேல் பாதி கூடுகிறது. நான் கொடுத்தது 29 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு.

பலரும் கவனிக்காத விஷயம், அந்த ஐம்பது விழுக்காடு காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் ஏறுகிறது. அந்த 12 நிமிடம் எனக்கு 4 வெள்ளி 16 காசு இல்லை, 6 வெள்ளி 24 காசு. பெரியம்மா சாவியைத் தேடி இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் செயலி விலையை நெருங்கியிருப்பேன்.

அதற்காக எப்போதும் மீட்டர்தான் மலிவு என்று சொல்ல வரவில்லை. நள்ளிரவில் சாலை காலி, வண்டி நிற்காமல் ஓடுகிறது, மீட்டர் பெரும்பாலும் தூரத்தைத்தான் எண்ணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழையில் மத்திய விரைவுச்சாலையில் மாட்டிக்கொண்டால் அதே மீட்டர் 45 விநாடிக்கொரு முறை ஏறிக்கொண்டே இருக்கும், உச்சநேரக் கட்டணமும் சேரும். அப்போது முதலிலேயே சொன்ன விலைதான் நிம்மதி, செயலி அந்த நேரத்தில் ரொம்ப ஏற்றிவிடாதவரை.

என் குறை என்னவென்றால், 37 என்ற ஒற்றை எண்ணில் தூரத்துக்கு எவ்வளவு, இரவுக்கு எவ்வளவு, நிறுத்தத்துக்கு எவ்வளவு என்று எதுவும் தெரிவதில்லை. மீட்டர் கட்டணத்தை டாக்சியின் பின்கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள், நின்று படிக்கலாம். செயலிகளும் அதே பயணத்துக்கு மீட்டரில் சுமார் எவ்வளவு ஆகும், நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் இலவசம் என்பதைப் பதிவு செய்யும் பொத்தானுக்கு மேலேயே காட்டட்டும். பொதுப் போக்குவரத்து மன்றம் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

- ஈசூன் வாசகர்