பையனுக்கு ஒன்று, பொண்ணுக்கு வேறொன்று

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலம்தானே. உன் கடிதமும், கூட நீ வைத்திருந்த, உன் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடிய ஓட்டத்தின் லேப் நேரத் தாளும் வந்து சேர்ந்தன. ஸ்டாமினாவுக்கு, இடையிடையே விரட்டி ஓடும் ஃபார்ட்லெக் நல்லதா, ஒரே வேகத்தில் தொடர்ச்சியான ஓட்டம் நல்லதா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். பதில் உன் தாளிலேயே இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் பதில் ஒன்றல்ல.

முதலில் ஒரு சொல் தகராறு. ‘தொடர் ஓட்டம்’ என்று அட்டவணையில் எழுதாதே. பிள்ளைகளுக்கு அது ரிலே. ‘சீரான ஓட்டம்’ என்று எழுது. அவர்கள் எப்படியும் ‘லாங் ரன்’ என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

பையனைப் பார். 3000 மீட்டரில் முதல் கிலோமீட்டர் 3:20, இரண்டாவது 3:50, மூன்றாவது 3:55, மொத்தம் 11:05. பொண்ணு 4:10, 4:12, 4:13, மொத்தம் 12:35. அவள் நூல் பிடித்த மாதிரி ஓடியிருக்கிறாள். ஆனால் கடைசி 400 மீட்டரை முன்னால் போனவர்கள் 88 நொடியில் முடிக்க, இவள் 98 நொடி எடுத்திருக்கிறாள். பையன் நடுவில் உடைகிறான். பொண்ணு உடையவே இல்லை, ஆனால் வேகத்தை மாற்ற முடியவில்லை. இரண்டையும் நாம் ‘ஸ்டாமினா பத்தலை’ என்று ஒரே பெயரில் சொல்கிறோம், அதில்தான் குழப்பமே.

பையன் விஷயத்தில் அவசரப்படாதே. ஆர்வக்கோளாறில் முதல் கிலோமீட்டரை வேகமாக ஓடியதால் மட்டும்கூட அவன் உடைந்திருக்கலாம். சோதித்துப் பார்க்க வழி எளிது. உங்கள் 200 மீட்டர் டிராக்கில் தனியாக ஓடவிடு. 11:05ஐ 15 சுற்றுக்குப் பிரித்தால் சுற்றுக்கு 44 நொடிக்குக் கொஞ்சம் மேல் வரும். ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தைக் கத்திச் சொல்லி, 44 நொடிக்குக் கீழே போகவிடாமல் பிடித்து வை. 15 சுற்றும் 44, 45 என்றே முடித்தானானால் குறை ஓடும் புத்தியில்தான், உடம்பில் இல்லை. பத்தாவது சுற்றுக்குப் பிறகு 47, 48 என்று சரிந்தால் அடித்தளம் இல்லை என்று அர்த்தம். அப்போது அவனுக்கு முதல் மருந்து சீரான ஓட்டம்.

காரணம் இதுதான். மூச்சு வாங்காத வேகத்தில் அரை மணி நேரம் ஓடும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் நன்றாக நிரம்பி அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. காலின் மெதுவகைத் தசைநார்களைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகுகின்றன. அந்த நார்களுக்குள் ஆக்சிஜனை எரித்துச் சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடுகிறது. இதற்கு வேகம் தேவையில்லை, நேரம்தான் தேவை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு முன்னால் பலனை எதிர்பார்க்காதே. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடவைத்துத்தான் பீட்டர் ஸ்னெல்லையும் முர்ரே ஹால்பெர்க்கையும் உருவாக்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும் ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். 800 மீட்டர்காரனுக்கே அவ்வளவு தூரம் என்பதை மட்டும் எடுத்துக்கொள். அந்த 160ஐப் பத்தாம் வகுப்புப் பையன் பக்கம் கொண்டுபோகாதே.

அவனுக்கு அளவு இப்படி. முதல் வாரம் நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் கூட்டி, நான்காவது வாரம் மட்டும் கொஞ்சம் குறைத்து, எட்டாவது வாரத்தில் 35, 40 நிமிடத்துக்கு வா. வேகம் கிலோமீட்டருக்கு 5:15க்கும் 5:40க்கும் நடுவில், அதாவது உன் டிராக்கில் சுற்றுக்கு 63 முதல் 68 நொடி. அவன் போட்டியில் ஓடுவதைவிட இது கிலோமீட்டருக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம் மெதுவு. “சார், இது நடக்கற மாதிரி இருக்கு” என்று சொன்னால் சரியான வேகத்தில் இருக்கிறான். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நின்ற உடனே 10 நொடி நாடி பிடித்தால் 23, 24, 25க்குள் இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அதே சுற்று நேரத்துக்கு நாடி கூடும். அன்றைக்குக் கடிகாரத்தை விட்டுவிட்டு நாடியையும் பேச்சையும் நம்பு.

தப்பு நடப்பது இங்கேதான். பத்துப் பேரை ஒன்றாக விட்டால் இரண்டாவது வாரத்திலேயே அது ரேஸாகிவிடும். எல்லாரும் 4:20 வேகத்தில் ஓடுவார்கள். அது களைப்பு சேராமல் நீள ஓடுவதற்கு அதிகம், வேகப் பயிற்சி என்று சொல்லக் குறைவு. பார்க்க நன்றாக உழைக்கிற மாதிரிதான் இருக்கும். களைப்பு மட்டும் சேரும், நேரம் இறங்காது. அடையாளம் மூன்று. கடைசி ஐந்து நிமிடம் கூட்டத்தில் பேச்சே இருக்காது. 15 நிமிடத்துக்கு மேல் சுற்று நேரம் தானாக நீளும். காலையில் எழுந்ததும் எடுக்கும் நாடி வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூட இருக்கும். வேகத்துக்கு ஏற்றபடி மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு நிமிட இடைவெளியில் அனுப்பு. ஒரே பக்கம் சுற்றினால், 200 மீட்டர் டிராக்கின் இறுக்கமான வளைவு ஒரே காலைப் பதம் பார்க்கும். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்று. முடிந்தால் வாரம் இரண்டு நாள் கண்மாய்க் கரைக்கோ மண் பாதைக்கோ கூட்டிப்போ. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வரும் வலி பாதி அங்கேயே குறையும்.

இனி பொண்ணு. அவளுக்கு அடித்தளம் இருக்கிறது, மூன்று கிலோமீட்டரும் மூன்று நொடி வித்தியாசத்தில் ஓடியதே சாட்சி. சீரான ஓட்டத்தை இன்னும் பத்து நிமிடம் கூட்டினால் இதே 12:35ஐ இன்னும் சௌகரியமாக ஓடுவாள், அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது ஃபார்ட்லெக். ஸ்வீடிஷ் மொழியில் ‘வேக விளையாட்டு’ என்று பொருள். ஃபின்லாந்துக்காரர்களிடம் தோற்றுக்கொண்டிருந்த ஸ்வீடன் அணிக்காக யோஸ்டா ஹோல்மர் 1930களில் உண்டாக்கிய முறை இது. காட்டுப் பாதையில் ஓடிக்கொண்டே நினைத்தபோது விரட்டி, நினைத்தபோது தளர்த்துவது. அந்த மண்ணில் வளர்ந்த குந்தர் ஹெக் 1945இல் ஒரு மைலை 4:01.4இல் ஓடினார்.

இதன் சூட்சுமம் மெது ஓட்டத்தில் இருக்கிறது. ஒரு நிமிடம் விரட்டினால் ஆக்சிஜன் தேவை உச்சம் நோக்கி ஏறும். உடனே மெதுவாக்கினாலும் அது சட்டென்று இறங்காது. அது இறங்கி முடிவதற்குள் அடுத்த விரட்டு வந்துவிடும். இப்படி 20 நிமிடத்தில் நல்ல பகுதியை உயர்ந்த மட்டத்திலேயே கழிக்கிறாள். ஒரே மூச்சில் அந்த வேகத்தை அவளால் அவ்வளவு நேரம் ஓட முடியாது. விரட்டும்போது தசையில் சேரும் லாக்டேட்டை, மெதுவாக ஓடும் கால்களே எரிபொருளாக எடுத்துத் தீர்க்கின்றன. நின்றால் அது மெதுவாகத்தான் தீரும். சீரான ஓட்டத்தில் சும்மா கிடக்கும் வேகத் தசைநார்களும் இதில் வேலைக்கு வருகின்றன. கடைசிச் சுற்றில் அவளுக்கு இல்லாமல் போனது அதுதான்.

செய்முறை இது. 10 நிமிடம் மெது ஓட்டம். பிறகு ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெது, ஆறு முறை. முடிவில் 8 நிமிடம் மெது. வேகம் என்றால் ஸ்பிரிண்ட் இல்லை. அவளுடைய போட்டி வேகம் சுற்றுக்கு 50 நொடி, ஆகவே 47, 48 போதும், ஒரு நிமிடத்தில் சுமார் 250 மீட்டர் வரும். முதல் விரட்டும் ஆறாவது விரட்டும் ஏறக்குறைய ஒரே தூரமாக இருக்க வேண்டும். ஆறாவது 30 மீட்டர் குறைந்தால் முதலாவதை அதிகமாக ஓடிவிட்டாள். இடையில் நடந்தாலும் அதே குற்றம்தான், வேகம் கூடிவிட்டது. மூன்று வாரம் கழித்து இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெது, ஐந்து முறை. அந்த இரண்டு நிமிடத்தின் கடைசி 20 நொடியில் இன்னும் ஒரு கியர் போடச் சொல். களைத்த காலோடு வேகத்தைக் கூட்டுவதுதான் அவள் பழகவேண்டியது.

கூட்டமாக ஓடும்போது ஒரு தந்திரம் தேவைப்படும். விசிலுக்கு விரட்டினால் முன்னால் போகிறவன் 280 மீட்டர் போவான், கடைசிப் பிள்ளை 220. பின்தங்கியவன் மெது நேரத்திலும் கூட்டத்தைப் பிடிக்க ஓடுவான், அவனுக்கு ஓய்வே இருக்காது. மெதுவுக்கு விசில் அடித்ததும் முன்னால் இருப்பவர்கள் திரும்பி, கடைசி ஆள் இருக்கும் இடத்துக்கு மெதுவாக ஓடி வரட்டும். ஒவ்வொரு விரட்டும் எல்லாருக்கும் ஒரே கோட்டில் தொடங்கும். “மின்கம்பத்துக்குக் கம்பம் உன் இஷ்டம்” என்று ஹோல்மர் பாணியில் அவிழ்த்துவிடுவதை ஒரு மாதம் தள்ளிவை. தன் உடம்பை அளக்கத் தெரியாத பிள்ளை முதல் மூன்று கம்பத்தைப் பறந்து கடந்துவிட்டு, மீதியை ஒப்பேற்றும்.

பையனுக்கும் ஃபார்ட்லெக் வேண்டாம் என்றில்லை. முதல் ஆறு வாரம் வாரத்துக்கு ஒன்று, அதுவும் 30 நொடி வேகம், 90 நொடி மெது, எட்டு முறை. ஏழாவது வாரத்திலிருந்து சீரான ஓட்டம் மூன்று நாள், ஃபார்ட்லெக் இரண்டு நாள். பொண்ணுக்கு முதல் வாரமே மூன்றுக்கு இரண்டு. இரண்டு ஃபார்ட்லெக்குக்கும் நடுவில் 48 மணி நேரமாவது இருக்கட்டும். போட்டிக்கு முந்தைய பத்து நாளில் சீரான ஓட்டத்தை 20 நிமிடமாக்கி, மூன்று நாள் முன்பு 30 நொடி விரட்டு ஆறு போதும்.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடநூல் வரிசையை அப்படியே போடாதே. ‘முதலில் சீரான ஓட்டம், பிறகுதான் ஃபார்ட்லெக்’ என்பது பெரியவர்களுக்குச் சொன்னது. அந்த வயதில் விரட்டியபின் மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், ஒரே சீராக 30 நிமிடம் ஓடத்தான் பொறுமை இருக்காது. 15 நிமிடச் சீரான ஓட்டமும், 15, 20 நொடி விரட்டுகளாக விளையாட்டு மாதிரி ஃபார்ட்லெக்கும் கலந்து கொடு.

குதிகால் பின்புறமோ, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேடோ வலிக்கிறது என்று மடமடவென்று உயரும் பிள்ளை சொன்னால், முதலில் ஃபார்ட்லெக்கை நிறுத்து, வலி நீடித்தால் ஓட்டத்தையே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்பு. பொண்ணுக்கு ஒருவேளை மெதுவான ஓட்டத்திலேயே நாடி கூடி, நேரமும் சரிந்துகொண்டே வந்தால் பயிற்சியைக் கூட்டாதே. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்.

அந்த 15 சுற்றுச் சோதனையை இந்த வாரமே வைத்து, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதி அனுப்பு, மொத்த நேரம் மட்டும் போதாது. பையனின் முதல் ஆறு வார அட்டவணையை அதைப் பார்த்தபிறகு நாள்வாரியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்