பகுதி ‘பி’-யில் கையெழுத்துப் போட ஓர் ஆளைக் காட்டுங்கள்

மின்னணுச் சாட்சியத்துக்கான சட்டத்தையும் விதிகளையும் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றிப் பிழைப்பவன் நான். போன அறுவடையில் 400 கிலோ காய்ந்த மிளகை, கிலோ 640 ரூபாய் என்று பேசி, சேலத்து வியாபாரி ஒருவருக்கு அனுப்பினேன். பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில்தான். “அண்ணா, 640 ஓகே. 400 கிலோ ஏத்திருங்க. அட்வான்ஸ் 50 போட்டுட்டேன், மீதி 15 நாள்ல” என்று அவரே எழுதினார். எடைச் சீட்டை மின்னஞ்சலில் அனுப்பினார். மீதி 2,06,000 ரூபாயைக் கேட்டபோது, “அப்படி ஒரு பேச்சே இல்லை, அந்த மெசேஜெல்லாம் நீங்களே உருவாக்கியது” என்றார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் அந்தக் காரணத்துக்காகவே செல்லாமல் போகாது என்கிறது. அந்தத் தைரியத்தில் ஸ்கிரீன்ஷாட்டுகளை 14 பக்கம் அச்சிட்டு வக்கீலிடம் கொடுத்தேன். அவர் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “சான்றிதழ் எங்கே?” என்றார். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க, அதோடு கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டிய சான்றிதழைத்தான் கேட்டார்.

பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில், கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவரின் ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இரண்டு கையெழுத்து கேட்கிறது. சான்றிதழ்ப் படிவத்தில் பகுதி ‘ஏ’ நான் நிரப்புவது, பகுதி ‘பி’ நிபுணர் நிரப்புவது.

பகுதி ‘ஏ’-யையே முதலில் சொல்கிறேன். போனின் மாடல், வரிசை எண், ஐஎம்இஐ, நிறம் வரை கேட்கிறது. சரி, நிறம் கறுப்பு என்று எழுதிவிடலாம். ஆனால் அந்தப் போன் மழைக்காலத்தில் நனைந்து செத்துவிட்டது. பேச்சு பேக்கப்பிலிருந்து புதுப் போனுக்கு வந்தது. கருவி ஒழுங்காக இயங்கியது, இடையில் பழுதாகியிருந்தாலும் பதிவைப் பாதிக்கவில்லை என்று நான் உறுதி கூற வேண்டும். எந்தப் போனைப் பற்றிக் கூறுவது?

அப்புறம் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீடு. ‘Export chat’ கொடுத்து வந்த கோப்புக்கு என் அக்கா மகன் கணினியில் இதை அடித்தான்:

```
certutil -hashfile chat.txt SHA256
```

64 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி வந்தது. படிவத்தில் எழுதினோம். பிறகு பையன் அதே கோப்பைத் திறந்து, பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று ஒரு வெற்று வரியை நீக்கிச் சேமித்துவிட்டான். மறுபடி அடித்தால் முழுக்க வேறு வரி. ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக்கொடுக்கத்தான் அது இருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, பென்டிரைவில் போட்டு, உறையில் ஒட்டி வைத்தேன்.

பகுதி ‘பி’-யில்தான் வண்டி நின்றுவிட்டது. 63-ஆம் பிரிவு ‘ஒரு நிபுணர்’ என்று மட்டும் சொல்கிறது. யார், என்ன படிப்பு, என்ன கட்டணம்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவில் அறிவிக்கப்படும் மின்னணுச் சாட்சிய ஆய்வாளர்கள்தானா, கணினி தெரிந்த யாருமா? நான் கேட்ட கணினி மையக்காரர், “எனக்கெதுக்கு வம்பு” என்றார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் படிவத்தைப் படித்துவிட்டு, “நாளைக்குக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வாங்களே” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் பயம் நியாயமானது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஏறி, இதற்காக நான்கு முறை போய் வந்தேன்.

போனையே நீதிமன்றத்தில் காட்டலாமே என்பீர்கள். பழைய சட்டத்தின் கீழ் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூலக் கருவியை அதன் உரிமையாளரே கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் வேண்டாம் என்றது. என் மூலக் கருவிதான் செத்துவிட்டதே. மின்னஞ்சல் கிடக்கும் சர்வரை நான் தூக்கி வரவும் முடியாது. விசாரணை முடிவதற்குள் சான்றிதழைத் தாக்கல் செய்யலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது, அந்த ஆறுதல் உண்டு. ஆனால் போட ஆள் வேண்டுமே.

இத்தனையும் செய்தாலும் சான்றிதழ் பதிவை உள்ளே விடும், அவ்வளவுதான். அதை அனுப்பியவர் அந்த வியாபாரிதான் என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும். அதற்கு அதே எண்ணிலிருந்து வந்த 50,000 ரூபாய் யூபிஐ பணம் கை கொடுக்கும் என்கிறார் வக்கீல். அதற்கான வங்கிக் கணக்குப் பதிவுக்கும் ஒரு சான்று வேண்டுமாம்! வாங்க, விற்க, பணம் போட எல்லாம் போன் போதும் என்று ஊரெல்லாம் விளம்பரம். ஏமாந்தால் மட்டும் நிபுணரைத் தேடு.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது சலுகை அல்ல. பகுதி ‘பி’-யில் கையெழுத்திடத் தகுதியானவர் யார் என்று தெளிவாக எழுதுங்கள். மாவட்டத்துக்கு ஒரு பட்டியலும், 2 லட்ச ரூபாய் வழக்குக்காரனுக்குக் கட்டுப்படியாகும் கட்டணமும் அறிவியுங்கள். அறிவித்தால் அடுத்த வாய்தாவுக்குள் உறையோடு கீழே இறங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டு மிளகு விவசாயி ஒருவன்