சம்பள உயர்வில் பாதி

கிருஷ்ணகிரி
ஜூலை 6

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய சம்பளச் சீட்டை அப்பா இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். மாதம் எட்டாயிரம் ஏற்றம் என்று லெட்டரில் இருந்தாலும், பி.எஃப்பும் வரியும் போகக் கைக்கு வருவது ஆறாயிரம். நாற்பத்தாறாயிரம் வந்த இடத்தில் இனி ஐம்பத்திரண்டாயிரம். நாம் கணக்குப் போட வேண்டியது இந்த ஆறாயிரத்தை வைத்துத்தான், எட்டை வைத்து அல்ல.

மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் உன் எஸ்.ஐ.பி.யைப் பற்றிப் போனில் நீ சொன்ன ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. "எஸ்.ஐ.பி.யில் வருஷத்துக்குப் பத்து சதவீதம் டாப்-அப் போட்டிருக்கேன்மா, சம்பளம் ஏறினா அதுவும் ஏறிடும்" என்றாய். அது சம்பளத்தில் பத்து சதவீதம் இல்லை கண்ணு, எஸ்.ஐ.பி. தொகையில் பத்து சதவீதம். நீ போடுவது ஐயாயிரம், அதனால் ஏறப்போவது ஐந்நூறு. ஆறாயிரத்தில் ஐந்நூறு போனால் மீதி ஐயாயிரத்து ஐந்நூறு உன் கையில்தான் நிற்கும். உன் சீட்டிலேயே பி.எஃப் பிடித்தத்தைப் பார். உன் கம்பெனி முழு பேசிக்குக்கும் 12 சதவீதம் பிடிப்பதால் பேசிக் ஏறியதும் அதுவும் கூடவே ஏறிவிட்டது. எஸ்.ஐ.பி.க்கு உன் சம்பளம் என்ன என்றே தெரியாது.

இன்னொன்று, அந்த ஐந்நூறும் இப்போது ஏறாது. நீ ஜனவரியில் ஆரம்பித்தாய், அதனால் டாப்-அப்பும் ஜனவரியில்தான். உயர்வு வந்திருப்பது ஜூலையில். நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பஞ்சப்படி ஏறும்போதெல்லாம் ஜி.பி.எஃப் பிடித்தத்தைக் கூட்டச் சொல்லி ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுவேன். 2009-ல் ஊதியக்குழு ஏற்றம் வந்தபோது மட்டும் அடுத்த மாதம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. பஸ்ஸில் போன இடத்துக்கு ஆட்டோ, தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு உடுப்பு அதிகம், மளிகைச் சீட்டில் நாலு வரி அதிகம். தை மாதம் எழுதிக் கொடுக்கப் போனபோது குறைக்க இடமே இல்லை. குறைத்தால் வீட்டில் எல்லாருக்கும் ஏதோ பறித்த மாதிரி இருந்தது.

அதனால் இப்படிச் செய். பழைய எஸ்.ஐ.பி.யைத் தொடாதே, அது அதன் பாட்டுக்கு ஓடட்டும். ஆறாயிரத்தில் பாதி, மூவாயிரத்துக்கு இந்த மாதமே இன்னொரு எஸ்.ஐ.பி. ஆரம்பி. அதே ஃபண்டிலேயே போடலாம். சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது என்றாலும் இன்று ஆறு ஆகிவிட்டது, அதனால் பிடிக்கும் நாளைப் பதினைந்தாம் தேதியாக வை. ஜூலையில் ஆரம்பித்தால் அதன் டாப்-அப்பும் ஒவ்வொரு ஜூலையிலும், அதாவது உனக்கு உயர்வு வரும் மாதத்தில் வந்து நிற்கும். இதில் சதவீதம் வேண்டாம். ரூபாயாகவே போடு, வருஷத்துக்கு இரண்டாயிரம். அதற்கு மேல் ஆசைப்படாதே. ஒரு வருஷம் கம்பெனி உயர்வு தராமல் போனாலும் டாப்-அப் நிற்காது, அது பாட்டுக்கு ஏறும். பல ஃபண்டுகளில் டாப்-அப்பை மட்டும் மாற்ற முடியாது, எஸ்.ஐ.பி.யையே நிறுத்திவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். மீதி மூவாயிரத்தை நீ செலவு செய், நான் கேட்கமாட்டேன். சம்பாதிப்பது நீதானே.

அப்புறம், எஸ்.ஐ.பி. பணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி நீ பேங்குக்குக் கொடுத்த மேண்டேட்டைப் பார். நீ கையெழுத்துப் போட்டபோது உச்சவரம்பு பத்தாயிரம் என்று வைத்ததாக ஞாபகம். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று நாலு வருஷம் ஓடும். ஐந்தாவது ஜூலையில் பதினோராயிரம் கேட்கும்போது வரம்பைத் தாண்டிவிடும். ஃபண்டைப் பொறுத்து, ஏற்றம் நடக்காமல் நிற்கும் அல்லது பேங்க் திருப்பி அனுப்பி அபராதமும் பிடிக்கும். தொடர்ந்து மூன்று மாதம் திரும்பினால் எஸ்.ஐ.பி.யே ரத்தாகிவிடும். இருபத்தைந்தாயிரத்துக்குப் புது மேண்டேட் போட்டுக்கொள். வரம்பு என்பது எடுக்கும் தொகை இல்லை, எடுக்கக்கூடிய உச்சம்தான். ஒவ்வொரு ஜூலையும் பதினைந்தாம் தேதி வரும் மெசேஜில் தொகை கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த கிரெடிட் கார்டு பாக்கி தீர்ந்ததா? தீரவில்லை என்றால் மேலே எழுதியதெல்லாம் அப்புறம், முதலில் அந்த மூவாயிரம் அதற்குத்தான். கார்டு வட்டியை எந்த ஃபண்டாலும் துரத்திப் பிடிக்க முடியாது.

செந்தூரா மாம்பழம் முடிந்துவிட்டது. நீலம் ஒரு பெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வருவாய் என்றால் சொல், இல்லாவிட்டால் பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்கிறேன்.

அம்மா